கதிருக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கதிர் கண்ணுக்கு,

இன்னிக்கு உனக்கு 19 முடியுது. நோய் நொடி இல்லாம, வயிறு வாடாம, நூறு வயசு நல்லா இருக்கணும் சாமி. போன்லயும் சொல்லுவேன். ஆனா போன்ல நீ "ம்... சரிம்மா... சாப்பிட்டேம்மா" மூணையும் சொல்லிட்டு வெச்சுடுற. லெட்டர்னா கடைசி வரி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்!

கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை நடக்குது. நீ பிறந்ததும் இதே பண்டிகைக் கூட்டத்துலதான். செவ்வாப்பேட்டையில இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஆட்டோ நகர வழியில்லாம நின்னுடுச்சு. உங்கப்பா இறங்கி, "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு கத்திட்டே முன்னால ஓடுறாரு, பின்னாடியே ஆட்டோ வருது. சாமி ஊர்வலம்னு நினைச்சு ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டுச்சு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உங்கப்பாகிட்ட இதைச் சொன்னா, "நான் ஓடவே இல்லை, வேகமா நடந்தேன்"னு இன்னமும் சாதிக்கிறாரு.

நேத்து போய் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணோம். பேரு, நட்சத்திரம் கேட்டாங்க. நம்ம பாப்பா முந்திக்கிட்டு "கதிர், அனுஷம், தன்பாத்"னு சொல்றா. எந்த ஊர்ல இருந்தாலும் ஆத்தா பார்த்துக்குவாளாம். அம்மாயி விபூதி மடிச்சுக் குடுத்திருக்கு, பார்சல்ல இருக்கு.

இப்ப பண விஷயத்துக்கு வர்றேன். பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துச் சம்பாதிச்சேன்னு போன வாரம் 3,000 ரூபா போட்டுவிட்டல்ல. உங்கப்பா அந்த மெசேஜைப் பட்டறையில ஒருத்தர் பாக்கியில்லாம காட்டிட்டு வந்தாரு. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிட்டு, "திருப்பிப் போட்டுடு"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கும் அதே எண்ணம்தான். போட்டுட்டேன், கூட ஒரு 500 சேர்த்து.

உன்கிட்ட மறைக்கல. வெள்ளி விலை ஏறினதுல இருந்து கொலுசு ஆர்டர் குறைச்சல்தான். பட்டறை சில நாள் மத்தியானமே மூடிடுது. எனக்கு வீட்டுக்கு வர்ற சலங்கை கோக்குற வேலையும் முன்ன மாதிரி இல்லை. ஆனா அரிசி, வாடகை, பாப்பா ஸ்கூலு எதுவும் நிக்கல. அந்தக் கணக்கை நாங்க பார்த்துக்குறோம். நீ பட்டறைக் குடும்பத்துப் பையன்தான், அதுக்காக இந்த வயசுலயே வீட்டைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கணும்னு இல்லை. சம்பாதிக்கிற காலம் வரும். அப்ப நானே வெக்கமில்லாமக் கேட்டு வாங்கிக்குவேன்.

முதல்ல செருப்பு வாங்கு. நீ அனுப்பின போட்டோவுல எல்லாரும் உன் மூஞ்சியைப் பார்த்தாங்க, நான் காலைப் பார்த்தேன். வார்ல ஊக்கு குத்தியிருக்க. மழைக்காலத்துல அதை மாட்டிக்கிட்டுப் படிக்கட்டு இறங்காத.

பார்சல்ல தட்டுவடை வெச்சிருக்கேன். செட்டு போட காரட்டு, பீட்ரூட்டு துருவலுக்கும் ரெண்டு சட்னிக்கும் அங்க எங்க போவ? ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல வெங்காயத்தைப் பொடியா நறுக்கி வெச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்னு. உன் ரூம்ல இருக்குற பீகார் தம்பிக்கும் குடு, அது என்ன சொல்லுச்சுன்னு மறக்காம எழுது. பருப்புப் பொடியும் பூண்டுப் பொடியும் தனித்தனிக் கவர்ல இருக்கு. நல்லெண்ணெய் அனுப்பலாம்னா பார்சல்காரர் எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. அதுக்காகக் கடுகெண்ணெய்ல குழைச்சுடாத. உனக்குப் பழகிடுச்சுன்னு சொல்ற, என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல. இட்லிப் பொடி ஏன் இல்லைன்னா, இட்லியே இல்லாத ஊருக்கு அது எதுக்கு?

பிறந்தநாள் அன்னிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காத, ஆகாது. சனிக்கிழமை தேய்ச்சுக் குளி. புதுச் சட்டையில ஒரு ஓரமா மஞ்சள் தடவியிருக்கேன். உள்பக்கம்தான், யாருக்கும் தெரியாது, கூச்சப்படாமப் போட்டுக்கோ. பாப்பா எடுத்த கலர். உனக்குப் பிடிக்கலைன்னா அவகிட்ட மட்டும் சொல்லிடாத.

தீபாவளிக்கு வர்றியா இல்லையான்னு இழுத்துட்டே இருக்காத. 60 நாளைக்கு முன்னாடிதான் டிக்கெட்டுத் திறக்குதாம், காலையில 8 மணிக்கு. ஆலப்புழை வண்டி அங்கிருந்து நேரா சேலம் ஜங்ஷன் வருது, அதுல இடம் நிமிஷத்துல போயிடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. அன்னிக்கு ஒரு நாளாவது 8 மணிக்கு முன்னாடி எந்திரிச்சு புக் பண்ணு. காசு அதுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்.

உன் அம்மா