மகள் யாழினியின் தோல் தடிப்பு குறித்து டாக்டர் அம்மாவுக்கு எழுதிய கடிதம்

அரவேனு,
10.11.2024

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கோத்தகிரியில் இருந்தவரை எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் நேரில் வந்து சொல்லிப் பழகியவள் நான். நீங்கள் மேட்டுப்பாளையத்துக்கு மாறிய பிறகு இப்போதுதான் எழுதிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. யாழினியின் உடம்பில் வந்திருக்கும் தடிப்பைக் காட்ட வரும் சனிக்கிழமை அவளை அழைத்து வருகிறேன். அதற்கு முன்பாகவே, மண்டிக்குக் கேரட் ஏற்றிச் செல்லும் என் கொழுந்தனார் கையில் இதைக் கொடுத்தனுப்புவதற்குக் காரணம் உண்டு. களிம்பு தடவித் தடவி அந்தத் தடிப்பின் உருவமே மாறிப்போய்விட்டது. சனிக்கிழமை நீங்கள் பார்க்கப்போவது, ஆகஸ்ட் மாதத்தில் நான் பார்த்ததைப் போல இருக்காது. ஆகவே அது தொடங்கிய விதத்தையும், எதற்குப் பிறகு எப்படி மாறியது என்பதையும் நினைவில் உள்ளவரை வரிசையாக எழுதுகிறேன். அவ்வப்போது கைப்பேசியில் எடுத்த படங்களையும் பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் தேதி குறித்து, உடன் வைத்திருக்கிறேன்.

யாழினிக்கு இப்போது ஒன்பது வயது; எடை 26 கிலோ. ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் வந்து, நீங்களே மருந்து கொடுத்துக் குணமாக்கினீர்கள். அதன் பிறகு தோலில் பெரிதாக எதுவும் வந்ததில்லை. எந்த மருந்தும் அவளுக்கு ஒவ்வாமல் போனதாக எனக்குத் தெரியவில்லை. தடுப்பூசிகள் எல்லாம் உரிய காலத்தில் போடப்பட்டுள்ளன.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், குளிப்பாட்டும்போது, இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த திட்டு ஒன்றைக் கண்டேன். சீருடைப் பாவாடையின் பட்டையும், குளிருக்காக உள்ளே போடும் தெர்மலின் எலாஸ்டிக்கும் சேர்ந்து அழுத்தும் இடம் அது. எலாஸ்டிக் உறுத்தியிருக்கும் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினேன். ஆனால் செப்டம்பர் முதல் வாரத்திற்குள் அந்தத் திட்டு வளையமாக விரிந்தது. ஓரம் மட்டும் சற்றே மேடாகவும் சிவப்பாகவும் இருந்தது. அந்த ஓரத்தில் மாவு ஒட்டியதுபோல மெல்லிய செதில் உதிர்ந்தது. நடுப்பகுதியோ ஏறக்குறைய சாதாரணத் தோலின் நிறத்திற்குத் திரும்பியிருந்தது. முதல் படம் அப்போது எடுத்தது. களிம்பு எதுவும் படாத நிலையில் இருப்பது அந்த ஒரு படம் மட்டும்தான் என்பதால் அதைக் குறிப்பாகப் பாருங்கள்.

அதைப் பார்த்த என் மாமியார், "இது படைதான்" என்று சொல்லி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். சில நாட்களுக்கு அரிப்பு சற்றுக் குறைந்ததாக யாழினி சொன்னாள். வளையம் மட்டும் குறையவில்லை. பிறகு ஒருநாள் மாலை, நான் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து திரும்புவதற்குள், வீட்டில் இருந்த நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அதன்மேல் தேய்த்துவிட்டார்கள். அன்றிரவு அந்த இடம் முழுவதும் எரிந்து, வீங்கி, சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் தோன்றின. தைலத்தை நிறுத்தியதும் அவை இரண்டு மூன்று நாட்களில் வற்றிவிட்டன. இரண்டாவது படத்தில் தெரியும் கொப்புளங்கள் அந்தத் தைலத்தால் வந்தவை என்றே நான் கருதுகிறேன். அதற்கு முன்னும் பின்னும் கொப்புளம் வந்ததில்லை.

செப்டம்பர் நடுவில் மெடிக்கல் கடையில் காட்டியபோது ஒரு டியூப் கொடுத்தார்கள். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் தடவத் தொடங்கியதும், ஒரு வாரத்திற்குள் சிவப்பு வெகுவாகத் தணிந்து, அரிப்பும் நின்று, எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. காலாண்டு விடுமுறைக்கு அவளைச் சத்தியமங்கலத்தில் உள்ள என் அம்மா வீட்டுக்கு அனுப்பியபோது டியூபைக் கொடுத்தனுப்பவில்லை. அங்கே வெயிலும் வியர்வையும். அதோடு களிம்பும் நின்றுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது பழைய வளையம் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்ததோடு, வலது தொடையின் உட்புறத்தில் புதிதாக ஒன்றும் கிளம்பியிருந்தது. மறுபடியும் அதே களிம்பு, மறுபடியும் அதே நிம்மதி. தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு நிறுத்தியதும் மறுபடியும் அதே கதை. இம்முறை கழுத்தின் பின்புறத்திலும், ஸ்வெட்டரின் கழுத்துப்பட்டை உரசும் இடத்தில், ஒரு திட்டு தெரிந்தது.

ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதன் வடிவம் மாறுகிறது. முன்பு ஓரம் தெளிவாக இருந்தது. இப்போது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்ட முடியவில்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் போலவும், இடையிடையே சிறு சிவந்த பருக்கள் போலவும் இருக்கிறது. செதில் மிகக் குறைவு. தொடையில் களிம்பு அதிகம் பட்ட இடத்தில் தோல் மெலிந்து பளபளப்பாகத் தெரிவதாகவும், மெல்லிய சிவப்புக் கோடுகள் இருப்பதாகவும் எனக்குப் படுகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். அந்த டியூபின் அட்டையில் குளோபெட்டாசால், மைக்கோனசோல், நியோமைசின் என்று மூன்று மருந்துகளின் பெயர்கள் உள்ளன. இவற்றில் முதலாவது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு என்று தொழிற்சாலையில் என்னுடன் வேலை செய்யும் ஒருவரின் மகள், நர்சிங் படிப்பவள், சொன்னாள். அன்றே களிம்பை நிறுத்திவிட்டேன். நவம்பர் 4ஆம் தேதிக்குப் பிறகு தடவவில்லை. காலி டியூபையும் அட்டைப்பெட்டியையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். நிறுத்தியது முதல் சிவப்பும் அரிப்பும் நாளுக்கு நாள் கூடுகின்றன. இரவில் தூங்க முடியாமல் அழுதால் மட்டும், முன்பு சளிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த செட்டிரிசின் சிரப்பை 5 மில்லி கொடுக்கிறேன். அதில் ஓரளவு தூங்குகிறாள்.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை. மூட்டு வலி, மூச்சிரைப்பு, உதடோ கண்ணிமையோ வீங்குவது, சீழ் வடிவது எதுவும் இல்லை. விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் ஒன்றும் இல்லை. தலைமுடி உதிரவில்லை; நகங்கள் நன்றாக இருக்கின்றன. பசி வழக்கம்போல் உள்ளது. முட்டை, கத்தரிக்காய், கருவாடு ஆகியவற்றை நிறுத்தும்படி வீட்டில் சொன்னார்கள். நிறுத்திப் பார்த்தும் எந்த வேறுபாடும் தெரியாததால், வளரும் பிள்ளைக்கு முட்டையை மட்டும் மீண்டும் கொடுத்து வருகிறேன்.

வீட்டு நிலவரத்தையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஜூன் முதல் எங்கள் பக்கம் துணி காய்வது என்பதே இல்லை. ஸ்வெட்டரும் தெர்மலும் பல நாட்கள் ஈரப்பதத்தோடுதான் இருக்கும். கரி அடுப்பின் மேல் கொடியில் போட்டு, பாதி காய்ந்ததும் உடுத்தி அனுப்புகிறோம். வெயில் வரும் வரை காத்திருந்தால் பிள்ளை பள்ளிக்கே போக முடியாது. இன்னொன்று, என் கணவருக்கும் தொடை இடுக்கில் மழைக்காலம் தொட்டே அரிப்பு இருந்திருக்கிறது. முழங்கால் வரை பூட்ஸும் நனைந்த கால்சட்டையுமாகத் தோட்டத்தில் நிற்பவர். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. யாழினியின் களிம்பு விரைவில் தீர்ந்துபோவதை நான் விசாரித்தபோதுதான் அவரும் அதையே தடவி வந்தது தெரிந்தது. துண்டு ஒன்றையே இருவரும் பயன்படுத்தி வந்தார்கள்; இப்போது தனித்தனியாகப் பிரித்துவிட்டேன். சின்னவனுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் முகத்தில் முடி உதிர்ந்து சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கின்றன. யாழினி பள்ளி விட்டு வந்ததும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்வது வேறொரு பேச்சு. கழுத்துத் திட்டைப் பார்த்த ஒரு பெண்மணி, தொழுநோயாக இருக்குமோ என்று என் மாமியாரின் காதில் போட்டுவிட்டார். திட்டு இருக்கும் இடத்தில் உணர்ச்சி குறைந்தால் கவனிக்க வேண்டும் என்று சுகாதார நிலையச் சுவரொட்டியில் படித்த நினைவில், யாழினியின் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் ஒவ்வொரு திட்டையும் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடத்தையெல்லாம் தவறாமல் சொன்னாள். அரிப்பும் மிகுதியாக இருக்கிறது. இவ்வளவு தெரிந்தும் மனம் அடங்கவில்லை. உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கும். பள்ளியிலும், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாது என்று மருத்துவர் எழுதித் தரும் வரை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எப்போது அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

சனிக்கிழமைக்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தோலைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், அதுவரை எந்த மருந்தும் தடவாமல் இப்படியே விட்டுவைக்கட்டுமா, அல்லது அரிப்பைத் தணிக்க ஏதேனும் தடவலாமா? கொழுந்தனார் மண்டியில் சுமை இறக்கியதும் பிற்பகலில் உங்கள் கிளினிக்குக்கு வந்து காத்திருப்பார். பதிலை அவரிடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு விவரம் தெரியாது, வாய்மொழியாகச் சொன்னால் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். என் கணவரையும் அன்றே அழைத்து வருகிறேன். வர மாட்டேன் என்கிறார். ஆனாலும் அழைத்து வருவேன். குஞ்சப்பனைப் பக்கம் மழையால் மண் சரிந்து பாதை அடைபட்டால் மட்டும் குன்னூர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். அப்போது பிற்பகல் ஆகிவிடும் என்பதால், எங்களுக்காகச் சற்றுப் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கவிதா
(யாழினியின் அம்மா)

இணைப்பு: தேதி குறித்த படங்கள், களிம்பு அட்டையின் நகல்.