மூணு விசில்

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பத்து. ராயபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது, அந்தச் சந்தில் வரிசையாக ஆறு வீடுகள், மூன்றாவது வீட்டில் மலர் இருக்கிறாள். மலருக்கு எட்டு வயது. தம்பி பாபுவுக்கு மூன்று வயது. அம்மா, அப்பா, ஆயா எல்லோரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

வீடு சின்னது. ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் கட்டில், பீரோ, டிவி, சுவரில் ஒரு கடிகாரம். பாய் மூலையில் நிற்கிறது. சமையலறையில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஒரு பெரிய நீல டிரம், அப்புறம் அலமாரி நிறையப் பாத்திரங்கள்.

அப்பா இப்போது வீட்டில் இல்லை. காசிமேட்டில் மீன் வாங்குகிறார். ஞாயிறு என்றால் இந்த வீட்டில் மீன் குழம்புதான்.

அம்மா அரிசி கழுவுகிறாள். குக்கரில் அரிசியைப் போடுகிறாள், தண்ணீர் ஊற்றுகிறாள், கொஞ்சம் உப்பு போடுகிறாள், மூடியை மூடுகிறாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள். மூடியிலிருந்து ஆவி வருகிறது. அம்மா வெயிட்டை எடுத்து மூடி மேல் வைக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஹாரன் சத்தம் கேட்கிறது. "தண்ணி லாரி! தண்ணி லாரி!" என்று யாரோ கத்துகிறார்கள். லாரி என்றால் இந்தச் சந்தில் யாரும் வீட்டுக்குள் உட்காருவதில்லை. அம்மா இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுக்கிறாள், செருப்பைப் போடுகிறாள், வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

"மலரு, மூணு விசில். நீ எண்ணு. ஆயாகிட்ட சொல்லு, ஆயா அடுப்பை அணைக்கிறாங்க. நீ அடுப்பைத் தொடாதே. சரியா?"

"சரிம்மா!"

அம்மா ஓடுகிறாள்.

ஆயாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மலருக்கு அடுப்பைத் தொட அனுமதி இல்லை. அதனால் இந்த வேலையில் காது மலருடையது, கை ஆயாவுடையது. ஆயா அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறாள், கையில் முறம், முறத்தில் பூண்டு. மலர் சமையலறை வாசலில் தரையில் உட்காருகிறாள். அவள் முன்னால் மூன்று ஸ்பூன்கள் இருக்கின்றன. ஒரு விசிலுக்கு ஒரு ஸ்பூன். நல்ல யோசனைதான்.

பூஊஊம்!

வீட்டு ஜன்னல் கூட ஆடுகிறது. ஆயா நிமிர்ந்து பார்க்கிறாள்.

"ஒண்ணா?"

"இல்லை ஆயா, அது ரயில்!"

ராயபுரம் ரயில் நிலையம் ரொம்பப் பழையது, 1856-ஆம் ஆண்டிலிருந்து அங்கேயே இருக்கிறது, ரயில்கள் வருகின்றன, போகின்றன. ஆயாவின் காதுக்கு ரயில் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆயா சிரிக்கிறாள், திரும்பவும் பூண்டு உரிக்கிறாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்!

மலர் கையில் ஸ்பூன் எடுக்கிறாள். ஆனால் வைப்பதில்லை. யோசிக்கிறாள். இது நம்ம குக்கரா, பக்கத்து வீட்டுக் குக்கரா? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சாந்தி அக்கா வீட்டில் தாளிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது, இங்கே பாபு அழுகிற சத்தம் அங்கே கேட்கிறது, அப்படியென்றால் விசில் எந்த வீட்டு விசில்?

மலர் எழுந்து தள்ளி நின்று குக்கரைப் பார்க்கிறாள். வெயிட் சும்மா இருக்கிறது. ஆவி இல்லை. சரி, அது சாந்தி அக்கா வீட்டுக் குக்கர். ஸ்பூன் வேண்டாம்.

இப்போது மலர் காதை நம்புவதில்லை, கண்ணைத்தான் நம்புகிறாள். குக்கரையே பார்க்கிறாள். முதலில் வெயிட் லேசாக நடுங்குகிறது. அதன் அடியில் சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழிகள் வருகின்றன. ஒரு துளி மூடி மேல் விழுகிறது, அங்கேயும் இங்கேயும் ஓடுகிறது, சுர்ரென்று மறைகிறது. இன்னொரு துளி. வெயிட் இந்தப் பக்கம் ஆடுகிறது, அந்தப் பக்கம் ஆடுகிறது, அப்புறம் ஒரே தூக்காகத் தூக்குகிறது.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

"ஒண்ணு!" மலர் ஒரு ஸ்பூனைத் தனியாக வைக்கிறாள். சமையலறை முழுக்கச் சோறு வாசனை.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

"ரெண்டு!" இன்னொரு ஸ்பூன்.

அப்போது பாபு வருகிறான். பாபு கையில் ஒரு தட்டு. அவன் தரையைப் பார்க்கிறான், அங்கே ஸ்பூன் இருக்கிறது, பாபுவுக்கு ஸ்பூன் என்றால் உயிர். ஒன்றை எடுக்கிறான். டங், டங், டங் என்று தட்டில் அடிக்கிறான். கட்டிலைச் சுற்றி ஓடுகிறான்.

"டேய் பாபு! குடுடா!"

மலர் பின்னால் ஓடுகிறாள். பாபு கட்டிலுக்கு அடியில் போகிறான். மலர் பாயைத் தள்ளுகிறாள், குனிகிறாள், கையை நீட்டுகிறாள். டங், டங், டங். கை எட்டுவதில்லை.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

மலர் அப்படியே நிற்கிறாள். இது யார் வீட்டு விசில்? சமையலறைக்கு ஓடுகிறாள். ஆவி இருக்கிறது, ஆனால் பழைய ஆவியா, புது ஆவியா? தரையில் தனியாக ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது. ஆயாவைக் கேட்கிறாள்.

"ஆயா, இப்போ நம்ம குக்கரா?"

"இன்னா கண்ணு? பக்கெட்டா? பக்கெட் வெளியே இருக்குது."

மலருக்கு அழுகை வருகிறது. சோறு குழைகிறதோ, அடி பிடிக்கிறதோ, அம்மா என்ன சொல்கிறாளோ! கண்ணைத் துடைக்கிறாள்.

அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மலரு! உங்க குக்கர் மூணு! எங்க குக்கர் இன்னும் ஒண்ணுதான். ஆயாகிட்ட சொல்லு, அடுப்பை அணைக்கட்டும்!"

சாந்தி அக்கா! அவளும் அந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுகிறாள், அவள் வீட்டு விசிலையும் எண்ணுகிறாள், இந்த வீட்டு விசிலையும் எண்ணுகிறாள். இப்படி ஒரு பக்கத்து வீடு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மலர் ஆயாவுக்கு மூன்று விரலைக் காட்டுகிறாள். ஆயா தலையை ஆட்டுகிறாள், அடுப்பை அணைக்கிறாள்.

அம்மா ஒரு குடத்தை இடுப்பில் வைத்து, இன்னொரு குடத்தைக் கையில் தூக்கி உள்ளே வருகிறாள். தண்ணீரை டிரம்மில் ஊற்றுகிறாள். பின்னாலேயே அப்பா வருகிறார், பையில் சங்கரா மீன். மலர் எல்லாக் கதையையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். பாபு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டுகிறான்.

அம்மா உடனே மூடியைத் திறப்பதில்லை. உள்ளே ஆவி இருக்கிறது, அவசரம் ஆபத்து. மீனைக் கழுவுகிறாள், புளி கரைக்கிறாள், குழம்பை அடுப்பில் வைக்கிறாள். அப்புறம் வெயிட்டை மெல்லத் தூக்கிப் பார்க்கிறாள். சத்தம் இல்லை. மூடியைத் திறக்கிறாள். சோறு பூப்போல இருக்கிறது.

எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். அம்மா முதலில் ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றுகிறாள், இரண்டு மீன் துண்டு போடுகிறாள், அப்பா அந்தக் கிண்ணத்தைச் சாந்தி அக்கா வீட்டில் கொடுக்கிறார். மலர் சோற்றைப் பிசைகிறாள், ஒரு வாய் வைக்கிறாள். சூடு. காரம். ரொம்ப ருசி.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் குரல் கேட்கிறது.

"மலரு! நான் கடைக்குப் போகிறேன்! எங்க குக்கரில் பருப்பு இருக்குது. அஞ்சு விசில் எண்ணு, அஞ்சாவதுக்கு எங்க மாமாவைக் கூப்பிடு, அவர் அணைக்கிறார்!"

"சரிக்கா!" என்று மலர் கத்துகிறாள். வலது கையில் சோறு. இடது கையால் அலமாரியிலிருந்து ஐந்து ஸ்பூன்களை எடுக்கிறாள், ஐந்தையும் மடியில் வைக்கிறாள், பாபுவை ஒரு முறை முறைக்கிறாள்.