பாலத்தடி டீக்கடைக்கு ஓர் இரங்கல்

மாமா, கடையை மூடிவிட்டீர்கள் என்று கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. பாமணி ஆற்றுப் பாலத்தடியில் நாற்பது வருஷமாகக் கொதித்த பாய்லர் அது. இனி விடியற்காலை நாலு மணிக்கு மன்னார்குடியில் நாங்கள் எங்கே போய் நிற்பது?

நடவுக்குப் போகிற அக்காமார் தூக்குவாளியை நீட்டினால், கேட்காமலே ஒரு கிளாஸ் கூட ஊற்றுவீர்களே! முகூர்த்தம் முடிந்து வரும் தவில்காரர், விரல்கூடு கழற்றிய கையோடு முதல் டீயை வாங்குவார். வாத்தியார் சர்க்கரை இல்லாத டீயை வைத்துக்கொண்டு பேப்பரை உரக்க வாசிப்பார். மேட்டூர் நீர்மட்டம் வந்ததும் கடையே அடங்கிவிடும். ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை உண்டு. திறக்காத வருஷங்களில் நோட்டில் கடன்தான் ஏறியது. அதை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை, சம்பா அறுப்பு வரைக்கும் பொறுத்தீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துப் போட்டு, ஊரே இருட்டில் கிடந்தது. பால் வரவில்லை. நீங்கள் கரி போட்டு பாய்லரை மூட்டி, சுக்கும் வெல்லமும் தட்டிப்போட்டுக் கொடுத்தீர்கள். கூரை போனவர்களிடம் காசு வாங்க மறுத்தீர்கள். என் அம்மா அதைச் சொல்லி இப்போதும் அழுகிறாள்.

மூட்டுவலி, பிள்ளைகள் வெளியூரில், தனியாள். சரி, நியாயம்தான். ஆனாலும் அந்த பெஞ்சை மட்டும் விற்றுவிடாதீர்கள் மாமா. வாத்தியாருக்கு வேறு கடை டீ இறங்கவில்லையாம். தவில்காரர் உங்களைப் பார்க்க வீட்டுக்கே வருகிறாராம். நாங்களும் வருகிறோம்.