பொருள்: குத்துவிளக்கு ஜோடி (ஆர்டர் எண் 2217) தாமதத்திற்கு மன்னிப்பும், செப்டம்பர் 1 காலை நேரில் ஒப்படைக்கும் ஏற்பாடும்

29.08.2025, நாச்சியார்கோயில்

மதிப்பிற்குரிய மீனாட்சி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் புதுமனை புகுவிழாவிற்காக ஆர்டர் செய்த மூன்றடி அன்னக் குத்துவிளக்கு ஜோடி, ஆகஸ்ட் 25 அன்று பாளையங்கோட்டைக்கு முழுமையாக வந்து சேராமல் போனதற்கு எங்கள் பட்டறையின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தவறு எங்களுடையது, பார்சல் லாரிக்காரர்களுடையது அல்ல. பீடமும் அகலும் இருந்த முதல் பெட்டி தங்களிடம் வந்துவிட்டது. தண்டும் அன்னமும் இருந்த இரண்டாவது பெட்டியில், அன்றே ஓசூருக்குப் போக வேண்டிய வேறொரு ஆர்டரின் முகவரிச் சீட்டை நாங்கள் மாற்றி ஒட்டிவிட்டோம். அதைவிட வருத்தம் தருவது, தாங்கள் மூன்று முறை தொலைபேசியில் கேட்டபோதும், பெட்டி எங்கே இருக்கிறது என்று பாராமலேயே "நாளைக்கு வந்துவிடும்" என்று எங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னதுதான். விழா நெருங்கும் வீட்டில் அந்தப் பதில் எவ்வளவு அலைக்கழித்திருக்கும் என்பதை உணர்கிறேன்.

தண்டை மட்டும் புதிதாக அனுப்பலாமே என்று தாங்கள் கேட்டது நியாயமே. ஆனால் கடைசல் பிடிக்கும்போதே ஒவ்வொரு விளக்கின் தண்டுக்கும் பீடத்துக்கும் மரையைச் சேர்த்துப் பொருத்திவிடுவதால், வேறு தண்டு கடைசிச் சுற்றில் இறுகாது. எண்ணெய் நிரப்பியதும் விளக்கு ஒருபுறம் சாயும். ஆகவே ஓசூர்ப் பெட்டிக்குக் காத்திராமல், அதே உயரமும் எடையும் கொண்ட வேறொரு ஜோடியை முழுதாகவே அனுப்புகிறோம். நேற்றிரவு அதில் எண்ணெய் ஊற்றி, ஐந்து முகமும் ஏற்றி, காலையில் கசிவில்லை என்று நானே பார்த்துவிட்டேன்.

இந்த முறை பார்சலில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை (ஆகஸ்ட் 31) இரவு எங்கள் வேனில் பட்டறை ஊழியர் ஒருவர் புறப்பட்டு, திங்கட்கிழமை (செப்டம்பர் 1) காலை 10 மணிக்குள் தங்கள் வீட்டில் விளக்குகளைப் பூட்டி, துடைத்து நிறுத்திக் கொடுப்பார். முதல் பெட்டியை அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். தாங்கள் கட்டி வைக்க வேண்டியதில்லை. வேன் கிளம்பும்போதும், மதுரையைக் கடக்கும்போதும் தங்கள் கைபேசிக்குச் செய்தி வரும். விழா 4ஆம் தேதி என்பதால், ஏதேனும் குறை கண்டாலும் சரிசெய்ய இரண்டு நாள் கையில் இருக்கும்.

தாங்கள் செலுத்திய அனுப்புகைக் கட்டணம் ரூ.1,450 முழுவதையும் இன்றே தங்கள் வங்கிக் கணக்கிற்குத் திருப்பி அனுப்பியுள்ளோம். புதுவீட்டுப் பூஜையறைக்கு எங்கள் அன்பளிப்பாக ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கும் வேனில் வருகிறது; அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இந்த ஏற்பாடு வேண்டாம், உள்ளூரிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று தாங்கள் முடிவு செய்தால், நாளை மாலைக்குள் இம்மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் அனுப்பினால் போதும். விளக்கின் விலை ரூ.28,600 முழுவதையும் காரணம் கேட்காமல் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
சண்முகம்
அனுப்புகைப் பொறுப்பாளர்