நியமனக் கடிதத்தின் முன்னறிவித்தல் காலம், பயிற்சிப் பிணை ஆகிய பந்திகளுக்கு விளக்கம் கோரல்

கொட்டகலை
2026.01.30

மனிதவள முகாமையாளர்,
தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்,
தலவாக்கலை.

மதிப்பிற்குரிய ஐயா,

தர உறுதிப்பாட்டு உத்தியோகத்தர் பதவி: 7ஆம், 11ஆம் பந்திகள்

2026.01.26 திகதியிட்ட தங்கள் நியமனக் கடிதம் கிடைத்தது. நன்றி. சம்பளம், வேலைநேரம், விடுமுறை பற்றி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. மார்ச் 16 அன்று வேலையில் சேரவே விரும்புகிறேன். ஆனால் பதவி விலகல் பற்றிய 7ஆம் பந்தியும் பயிற்சிப் பிணை பற்றிய 11ஆம் பந்தியும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருகின்றன. எழுத்தில் இல்லாத எந்த உடன்பாடும் செல்லாது என்று 15ஆம் பந்தி சொல்வதால், பதிலை எழுத்திலேயே தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் முன்னறிவித்தல். 7.1இல் "இரு தரப்பும் ஒரு மாதம்" என்றுள்ளது. பின்னிணைப்பிலுள்ள அட்டவணையிலோ "நிறைவேற்றுத் தரம்: மூன்று மாதம்" என்றுள்ளது. என் பதவியின் பெயரில் "உத்தியோகத்தர்" என்றும், சம்பளப் பந்தியில் "கனிஷ்ட நிறைவேற்றுத் தரம்" என்றும் இருப்பதால் எனக்கு எது பொருந்தும் என்று தெரியவில்லை. மூன்று மாதம்தான் என்றால், அது நிறுவனத்தையும் அதே அளவு கட்டுப்படுத்துமா? ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள் என்பது எங்கும் இல்லை. அதையும் குறிப்பிடவும்.

முன்னறிவித்தலுக்குப் பதிலாகச் "சம்பளம்" செலுத்தலாம் என்கிறது 7.3. அடிப்படைச் சம்பளம் ரூ. 68,000. நிலையான கொடுப்பனவுகளையும் சேர்த்தால் ரூ. 90,000. மூன்று மாதத்துக்கு முதற் கணக்கில் ரூ. 204,000, இரண்டாவதில் ரூ. 270,000. ரூ. 66,000 வித்தியாசம் ஒரு சொல்லில் தொங்குகிறது. அடிப்படைச் சம்பளம் என்று எழுதிவிட்டால் போதும். அதோடு, முன்னறிவித்தல் காலம் "நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து" எண்ணப்படும் என்றுள்ளது. ஏற்பு தாமதித்தால் ஒரு மாதம் இரண்டு மாதமாகிவிடும். கடிதம் அலுவலகத்துக்குக் கிடைத்த நாள், அல்லது மின்னஞ்சல் அனுப்பிய நாள் என்பதே வசதி. எடுக்காத வருடாந்த விடுமுறையை இக்காலத்தில் கழிக்க முடியுமா என்பதையும் சொல்லவும்.

7.4இல் "பருவ காலத்தில் பதவி விலக அனுமதி இல்லை" என்று ஒரு வரி. எந்தப் பருவம்? நம் திம்புள்ளைப் பக்கத்தில் தரமான தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்து பெருகுவது அதற்குப் பின், ஏப்ரல், மே மாதங்களில். தரப் பிரிவுக்கு இரண்டுமே வேலை மிகுந்த காலம்தான். இரண்டையும் சேர்த்தால் ஆண்டில் ஐந்து மாதம் வாசல் அடைபடும். குறிப்பிட்ட மாதங்களை எழுதுங்கள், அல்லது அந்த மாதங்களில் விலகினால் முன்னறிவித்தல் இரண்டு வாரம் கூடும் என்று மாற்றுங்கள். இரண்டில் எதுவும் எனக்குச் சம்மதம்.

இனிப் பிணை. என் தயக்கத்தின் பெரும்பகுதி இங்கேதான். "பயிற்சியின் பின் 24 மாதங்கள் கட்டாய சேவை, மீறினால் ரூ. 480,000" என்கிறது 11.1. 11.2இல் "சேவை நிரந்தரமாக்கப்பட்ட நாள்முதல்" என்றுள்ளது. சேரும் நாளிலிருந்து எண்ணினால் பிணை 2028.03.15இல் முடியும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கடிதத்தில் உள்ளபடி 2026.07.31இல் முடிந்து அதன்பின் எண்ணினால் 2028.07.31. செப்டெம்பர் 16இல் நிரந்தரமாக்கப்பட்டால் 2028.09.15. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீடிக்கப்பட்டால் 2028.12.15. ஒரே பந்தியில் நான்கு முடிவுத் திகதிகள், ஒன்பது மாத இடைவெளி. முடிவுத் திகதியையே பந்தியில் எழுதிவிடுமாறு வேண்டுகிறேன். பயிற்சி தள்ளிப்போனாலோ நடக்காவிட்டாலோ பிணையும் இல்லை என்ற வரியும் அதில் வேண்டும்.

தொகை எதற்கானது என்ற விபரம் இல்லை. ஐஎஸ்ஓ 22000, ஹெசப் பயிற்சிக் கட்டணமும் கொழும்புத் தங்குமிடச் செலவும் என்றால் பற்றுச்சீட்டுகளின் பிரதியோடு எழுதலாம். பயிற்சி நாட்களின் சம்பளமும், தொழிற்சாலையில் டீமேக்கரோடு நின்று பழகும் வாரங்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தால் அவற்றை நீக்குமாறு கேட்கிறேன். அவை வேலையின் பகுதி. மேலும் 20ஆவது மாதத்தில் விலகுபவரும் முதல் மாதத்தில் விலகுபவரும் ஒரே ரூ. 480,000 தானா செலுத்த வேண்டும்? 24ஆல் பிரித்தால் மாதத்துக்கு ரூ. 20,000 குறையும். அப்படியானால் 20 மாத சேவைக்குப் பின் மிகுதி ரூ. 80,000. இந்த விகிதக் குறைப்பை எழுத்தில் தந்தால் கையொப்பமிடத் தயார்.

நிறுவனமே என்னை விலக்கினாலும், தொழிற்சாலை மூடப்பட்டாலும், வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டு நான் போக முடியாவிட்டாலும் பிணைத் தொகை கோரப்படுமா? 11.5இல் "எக்காரணத்தாலும் சேவை முடிந்தால்" என்றிருப்பதால் கேட்கிறேன். என் விருப்பத்தில் விலகல், ஒழுக்காற்று விசாரணையில் நிரூபிக்கப்பட்ட குற்றம் என்ற இரண்டோடு நிறுத்துவது முறை. மருத்துவக் காரணம் வெளியே நிற்க வேண்டும். 84 நாள் பிரசவ விடுமுறை எடுப்பவருக்கு அந்நாட்கள் பிணைக் காலத்தோடு கூட்டப்படுமா என்பதற்கும் பதில் வேண்டும். கூட்டப்படாது என்றே எதிர்பார்க்கிறேன்.

"ஊழியருக்குச் சேர வேண்டிய எந்தப் பணத்திலிருந்தும்" கழிக்கலாம் என்ற வரியில், ஊழியர் சேமலாப நிதியின் 8, 12 வீதப் பங்களிப்புகளும் ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதமும் அடங்காது என்று சேர்க்கவும். அவை நிறுவனத்தின் கையிலிருக்கும் பணம் அல்ல.

இரு பிணையாளர்களும் காணி உறுதி உடைய அரச ஊழியர்களாக இருக்க வேண்டும் என்பது மலையகத்தில் பலருக்குச் சிரமமான நிபந்தனை. தோட்டக் குடியிருப்பில் வாழும் குடும்பத்திடம் உறுதி இருப்பதில்லை. பாடசாலை ஆசிரியர் ஒருவரைச் சம்பளப் பத்திரத்தோடு பிணையாளராகத் தர முடியும். ஒருவரே போதுமா, பிணையாளர் முழுத் தொகைக்கா மிகுதித் தொகைக்கா பொறுப்பு என்றும் தெரிவிக்கவும். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் 11.7ஐ மட்டும் ஏற்க இயலாது. சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகளைத் தருகிறேன், மூலங்களை நேரில் காட்டுகிறேன்.

முன்னறிவித்தல் கொடுக்காமல் பிணைக் காலத்தில் விலகினால் இரண்டு தொகைகளும் சேர்ந்து அறவிடப்படுமா, பெரியது மட்டுமா என்பது கடைசிக் கேள்வி.

தங்கள் வசதிக்காக 11.1க்கு ஒரு வாசகத்தை முன்வைக்கிறேன்: "ஊழியர் தாமாக விலகினாலோ நிரூபிக்கப்பட்ட ஒழுக்கமீறலுக்காக விலக்கப்பட்டாலோ மட்டும், பற்றுச்சீட்டுகளில் காணும் பயிற்சிச் செலவில், 2028.03.15 வரையான காலத்தில் மீதியுள்ள மாதங்களுக்குரிய விகிதப் பங்கைச் செலுத்துவார்." திகதி வேறென்றால் மாற்றலாம், ஆனால் ஒரு திகதி இருக்கட்டும்.

இப்போதைய வேலையில் எனக்கு ஒரு மாத முன்னறிவித்தல் உண்டு. மார்ச் 16இல் சேர வேண்டுமானால் பெப்ரவரி 13க்குள் அங்கே விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். எனவே பெப்ரவரி 10க்குள் பதில் தந்தால் 12ஆம் திகதிக்குள் கையொப்பமிட்டுத் தருவேன். பதில் தாமதித்தால் சேரும் திகதியையும் அத்தனை நாள் தள்ளிவைக்குமாறு வேண்டுகிறேன். அதற்குமுன் நேரில் பேச அழைத்தாலும் தலவாக்கலைக்கு வருவேன். பேசி முடிவானவற்றைத் திருத்திய நியமனக் கடிதமாகத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. யோகேஸ்வரி

இணைப்பு: 7ஆம், 11ஆம் பந்திகளின் பிரதி, கேள்விக்குரிய வரிகள் அடிக்கோடிட்டவை