ஜாயின்ட் கணக்கில் இருக்கிறது, அதனால் எனக்குத்தானே?

திருப்பூரில் இருந்து ஓர் இளம் தம்பதி என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். கணவருக்கு வயது 31, மனைவிக்கு 28. இரண்டு பேரும் இந்துக்கள், வேலைக்குப் போகிறவர்கள். குழந்தை இன்னும் இல்லை. கணவரின் அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள். மனைவியின் அப்பா போன வருடம் காலமாகிவிட்டார்; அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். ஜாயின்ட் கணக்கில் 9 லட்சம் ரூபாய். அதில் கணவர் சம்பளத்தில் சேர்ந்தது 5 லட்சம், மனைவி சம்பளத்தில் சேர்ந்தது 3 லட்சம், அப்பா விட்டுப்போனதில் மனைவியின் பங்காக வந்தது 1 லட்சம். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் கணக்கு 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில் இருக்கிறது. ஒருவர் போனால் பணம் மற்றவருக்குத்தானே?

கையில் வரும். முழுவதும் உங்களுடையது ஆகாது. இந்த வித்தியாசத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை.

'ஈதர் ஆர் சர்வைவர்' என்பது நீங்கள் வங்கிக்குக் கொடுக்கும் அனுமதி. ஒருவர் இறந்தால், இருப்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வங்கி தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கொடுத்தால் போதும். கோர்ட்டுக்குப் போய் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முறையான கோரிக்கை வந்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் வாங்கிய பணத்தில் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. அந்தப் பங்கை நீங்கள் அவர்கள் சார்பாகத்தான் வைத்திருக்கிறீர்கள்.

கணவர் இறந்தால் கணக்கு எப்படிப் போகும்?

9 லட்சத்தையும் வங்கி மனைவியிடம் கொடுத்துவிடும். அதில் 4 லட்சம் முதலிலிருந்தே அவருடையது. மீதி 5 லட்சத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும். உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், அம்மா. குழந்தை இல்லாததால் மனைவிக்கு இரண்டரை லட்சம், மாமியாருக்கு இரண்டரை லட்சம். மாமனாருக்கு இதில் எதுவும் கிடையாது. அப்பா இரண்டாம் வகுப்பு வாரிசு. இதைச் சொன்னதும் கணவர் சிரித்துவிட்டார். "அப்பாவுக்கு இது தெரிந்தால் என்னை விட மாட்டார் சார்" என்றார்.

நாளை ஒரு குழந்தை பிறந்தால் அதே 5 லட்சம் மூன்று பங்காகும். கணவர் இறக்கும்போது மனைவி கருவுற்றிருந்தால்கூட, உயிரோடு பிறக்கும் குழந்தைக்குப் பங்கு உண்டு.

மனைவி இறந்தால்?

அவர் சம்பாதித்த 3 லட்சம் முழுவதும் கணவருக்கு. பெண்ணின் அம்மாவுக்கு அதில் பங்கு இல்லை. அப்பாவிடமிருந்து வந்த 1 லட்சம் மட்டும் வேறு வழியில் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, பிள்ளைகள் இல்லாவிட்டால், அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். இங்கே அம்மாவுக்கும் தம்பிக்கும். ஆனால் சம்பளப் பணத்தோடு கலந்துவிட்ட ஒரு லட்சத்தைப் பத்து வருடம் கழித்து யார் பிரித்துக் காட்டுவது? அதை அவர் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் ஒரே விபத்தில் போனால்?

இதைக் கேட்டது மனைவி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நல்ல கேள்வி.

யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால், வயதில் இளையவர் பிறகு இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதாவது கணவரின் பணத்தில் பாதி ஒரு நொடியாவது மனைவிக்கு வந்ததாகக் கணக்கு. ஆனால் கணவர் வழியில் வந்த சொத்து, பிள்ளை இல்லாததால், கணவரின் வாரிசுகளுக்கே திரும்பும். மனைவி தானே சம்பாதித்த 3 லட்சமும், கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில், கணவரின் வாரிசுகளுக்குத்தான். பெற்ற தாய்க்கு அதற்கு அப்புறம்தான் முறை. ஆக 9 லட்சத்தில் 8 லட்சம் மாமியாருக்குப் போகும். பெண்ணின் அம்மாவும் தம்பியும் அந்த 1 லட்சத்துக்குத்தான் உரிமை கோர முடியும்.

இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணமான சில மாதங்களில் கணவரை இழந்த பெண்ணைப் புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சேர்த்ததெல்லாம் பெற்றவர் பக்கம் போகவில்லை, கணவரின் உறவினருக்குப் போனது. சட்டம் அப்படி இருக்கும்போது அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

நாமினி போட்டிருக்கிறோமே, அது போதாதா?

போதாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். ஆனால் பணம் சொந்தமாவது வாரிசுக்கு அல்லது உயிலில் பெயர் உள்ளவருக்கு. வங்கிப் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைச் சொல்லிவிட்டது. பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் மறுபடியும் அதையே சொன்னது. ஜாயின்ட் கணக்கில் நாமினிக்கு வேலை வருவதே இரண்டு பேரும் இல்லாதபோதுதான். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் சொத்துரிமையை அது மாற்றாது. பி.எஃப். நாமினேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாகப் போட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எஃப்.டி.யும் இதே மாதிரியா?

உரிமை அதேதான். ஆனால் முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டுமானால் இறந்தவரின் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். உயிரோடு இருப்பவர் தனியாக உடைக்கலாம் என்று முன்கூட்டியே இரண்டு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கிளைக்கு ஒரு நடை போனால் முடிந்துவிடும்.

எங்கள் நண்பர்களில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படித்தானா?

இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். குழந்தை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மறுபாதி கணவரின் அப்பா இருந்தால் அவருக்கு. இங்கே முந்துவது அப்பா, பாருங்கள். முஸ்லிம் பெண்ணுக்குக் குழந்தை இல்லாவிட்டால் கணவர் சொத்தில் நாலில் ஒரு பங்கு, இருந்தால் எட்டில் ஒன்று. அவர்கள் உயிலுக்கும் வரம்பு உண்டு, தனியாக ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் உயில் எழுதியே ஆக வேண்டுமா? வீட்டில் தப்பாக நினைப்பார்களே?

ஒருவர் மற்றவருக்கு முழுவதும் போக வேண்டும் என்று நினைத்தால், எழுதத்தான் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை; செய்தால் பிற்பாடு வாதாட வசதி. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பயன்பெறாதவர்களாக, உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். ஆளுக்கொரு உயில், ஒரே தாளில் இரண்டு பேரும் எழுத வேண்டாம்.

தப்பாக நினைப்பார்களே என்றால், மாமியாருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு 1 லட்சம், மீதி இவளுக்கு" என்றார். மனைவி, "என் அம்மாவுக்கும் 1 லட்சம் எழுதணும்" என்றார். இரண்டையும் எழுதினோம். இரண்டு பேரும் ஒன்றாக இறந்தால் என்ன என்பதற்கும் தனித்தனியாக ஒரு பத்தி சேர்த்தோம். அடுத்த வாரம் சாட்சிகளோடு வருகிறார்கள்.