பொருளியல் விடைத்தாள்: 7ஆம் வினாவுக்கான திருத்தக் குறிப்பு

வினா: களக்காடு வட்டார மண்டி ஒன்றில் ஏத்தன் தாரின் தேவையும் அளிப்பும் கீழ்க்கண்டவாறு உள்ளன. விலை கிலோ ரூ.25, 30, 35, 40 என இருக்கையில் நாளொன்றுக்குத் தேவை 10, 8, 6, 4 டன். அளிப்பு 6, 8, 10, 12 டன். சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்ததால் ஒவ்வொரு விலையிலும் வரத்து 4 டன் குறைகிறது. புதிய சமநிலையை வரைபடத்தால் விளக்குக. (10 மதிப்பெண்)

பெற்றது: 6

அச்சுகள் 1/1. பழைய சமநிலை 2/2. நகர்த்த வேண்டிய கோடு 0/3. வரைந்த கோடுகள் வெட்டும் இடத்தில் புதிய புள்ளி 2/2. விளக்கம் 1/2.

தம்பி, படத்தைச் சுத்தமாக வரைந்திருக்கிறாய். செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு, ரூ.30க்கு 8 டன் என்ற பழைய சமநிலை, எல்லாம் சரி. அதன் பிறகு தேவைக் கோட்டை 4 டன் வலப்புறம் தள்ளிவிட்டாய். அந்த அம்புக்குறி மேல்தான் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

புதிய விலை ரூ.35 என்று உனக்கு வந்திருக்கிறது. சரியான விடையும் ரூ.35தான். அதனால் ஏன் மதிப்பெண் குறைந்தது என்று உனக்குத் தோன்றலாம். விலையை விட்டுவிட்டு அளவைப் பார். உன் படத்தில் புதிய அளவு 10 டன். காற்றடித்துத் தோட்டம் சாய்ந்த பிறகு மண்டியில் முன்பைவிட 2 டன் கூடுதலாக விற்கிறது என்று உன் படம் சொல்கிறது. அந்த 2 டன் எந்தத் தோட்டத்திலிருந்து வரும்? வரத்து 4 டன் குறைந்த பிறகு ரூ.35க்கு விவசாயிகள் கொண்டுவருவது 6 டன்தான். அட்டவணையில் 10லிருந்து 4ஐக் கழித்துப் பார். தேவை கூடினாலும் விலை ஏறும், அளிப்பு குறைந்தாலும் விலை ஏறும். எது நடந்தது என்று காட்டிக்கொடுப்பது அளவுதான்.

நீ எழுதிய காரணம் இது: “தார் கிடைக்காததால் எல்லோரும் போட்டி போட்டு வாங்குவார்கள், ஆகவே தேவை கூடும்.” போட்டி உண்மைதான், அதற்காகத்தான் விளக்கத்தில் ஒரு மதிப்பெண் தந்தேன். ஆனால் அது தேவை கூடியதால் வந்த போட்டி இல்லை. ரூ.30 விலையிலேயே நின்று யோசி. வாங்குகிறவர்கள் நேற்றும் 8 டன் கேட்டார்கள், இன்றும் அதே 8 டன்தான் கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் எதுவும் மாறவில்லை. வந்து இறங்கியதோ 4 டன். மீதி 4 டன் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாடுதான் விலையை ஏற்றுகிறது. ஏற ஏற, சிலர் வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்: தேவை 8லிருந்து 6க்கு இறங்குகிறது. விற்பவர்களும் விலைக்காகக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி அனுப்புகிறார்கள்: அளிப்பு 4லிருந்து 6க்கு ஏறுகிறது. ரூ.35இல் இரண்டும் சந்திக்கின்றன. இதில் தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாங்குபவர்கள் அதன் மேலேயே இடப்பக்கம் ஏறிப் போகிறார்கள். இதன் பெயர் தேவைச் சுருக்கம்.

தேவைக் கோடே நகர வேண்டுமென்றால், அதே ரூ.30க்கு முன்பைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஓணத்துக்கு முன் கேரளத்து வியாபாரிகள் உப்பேரிக்காக ஏத்தன் தேடி இந்தப் பக்கம் வருகிறார்களே, அப்போது அது நடக்கும். தோட்டம் அப்படியே இருக்கும், கேட்கிற ஆள் கூடுவார்கள். நீ வரைந்திருப்பது அசலாக ஓணச் சந்தைக்கான படம். வினா கேட்டது காற்றடித்த சந்தையை.

வாழை சாய்ந்த ஒன்றிரண்டு நாளில் முற்றாத காயை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், விலை இறங்கத்தானே செய்யும் என்று வகுப்பில் கேட்டாய். நல்ல கேள்வி, ஊரில் பார்த்ததை வைத்துக் கேட்டிருக்கிறாய். அது சில நாள் மட்டும் நடப்பது. இந்த வினாவில் வரத்து குறையும் என்று தெளிவாகத் தந்திருப்பதால் அதைச் சேர்க்க வேண்டாம்.

திருத்தி வரையும்போது ஓர் இடத்தில் கவனம். அளிப்பு குறைகிறது என்பதற்காகக் கோட்டைக் கீழே இறக்கிவிடாதே. கிடை அச்சில் 4 டன் இடப்புறம் தள்ள வேண்டும். படத்தில் அது மேலே போனதுபோலத் தெரியும், பயப்படாதே. ரூ.25, 30, 35, 40க்கு முறையே 2, 4, 6, 8 டன் என்று புள்ளி வைத்து இணைத்தால் தவறாது.

திங்கட்கிழமை வரைபடத் தாளில் இரண்டு படங்கள் கொண்டுவா. ஒன்று காற்றுக்கு, மற்றது ஓணத்துக்கு, இரண்டும் இதே அட்டவணையிலிருந்து. ஓணத்துக்கு ஒவ்வொரு விலையிலும் தேவை 4 டன் கூடுவதாக வைத்துக்கொள். ஒவ்வொன்றின் கீழும் விலை, அளவு இரண்டையும் எழுது. காற்றுப் படம் சரியாக இருந்தால் விடுபட்ட 3 மதிப்பெண்ணை உள்மதிப்பீட்டில் சேர்த்துவிடுகிறேன்.